8 கேள்வி, 0 முதல் 8 வரை மதிப்பெண்: உணவுப் பாதுகாப்பின்மை அளவுகோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும், வந்த தரவைக் கூட்டிப் பார்க்கும்போதும் ஒரே சந்தேகங்கள் மறுபடியும் மறுபடியும் வருகின்றன. கேள்விகளைக் கேட்பதில் பெரும்பாலோர் தவறுவதில்லை. மதிப்பெண் கையில் வந்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த அளவுகோல் எதை அளக்கிறது? சத்துக்குறைவையா?

இல்லை. பணமோ வேறு வசதியோ இல்லாததால் ஒரு வீட்டில் சாப்பாடு எந்த அளவுக்குத் தடைபட்டது என்பதை, அந்த வீட்டார் பட்ட அனுபவங்களைக் கேட்டு அளக்கிறது. எத்தனை கலோரி சாப்பிட்டார்கள், குழந்தையின் எடை என்ன, உடலில் இரும்புச்சத்து எவ்வளவு என்பதெல்லாம் இதில் வராது. அவற்றுக்குத் தனி அளவீடுகள் உண்டு.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் எட்டுக் கேள்வி அளவுகோலை. எஃப்.ஐ.இ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்காவிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் முன்பே புழக்கத்தில் இருந்த அனுபவ அளவுகோல்களின் வழியில் உருவாக்கப்பட்டது. 2014 முதல் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதைக் கொண்டு தரவு திரட்டியிருக்கிறார்கள். நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2.1.2 என்ற குறியீடு இதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

அந்த எட்டுக் கேள்விகள் என்னென்ன?

கடந்த 12 மாதங்களில், பணமோ வேறு வசதியோ இல்லாததால், உங்களுக்கோ உங்கள் வீட்டில் வேறு யாருக்கோ இப்படி நேர்ந்ததா என்று கேட்க வேண்டும். பதில் ஆம் அல்லது இல்லை.

1. சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டது
2. ஆரோக்கியமான, சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனது
3. ஒரு சில வகை உணவை மட்டுமே சாப்பிட்டது
4. ஒரு வேளைச் சாப்பாட்டை விட வேண்டி வந்தது
5. தேவை என்று நினைத்ததைவிடக் குறைவாகச் சாப்பிட்டது
6. வீட்டில் உணவு தீர்ந்துபோனது
7. பசித்தும் சாப்பிடாமல் இருந்தது
8. ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தது

கவலையில் தொடங்கி, தரம் குறைந்து, பிறகு அளவு குறைந்து, கடைசியில் பட்டினியில் முடிகிறது. வீட்டு நிலைமை மோசமாக மோசமாக இந்த வரிசையில் மேலும் மேலும் "ஆம்" சேரும் என்பதுதான் அளவுகோலின் அடிப்படை.

"பணமோ வேறு வசதியோ இல்லாததால்" என்ற தொடரை எட்டு முறையும் சொல்ல வேண்டுமா? கேட்பவருக்கு அலுத்துவிடுகிறதே.

சொல்ல வேண்டும். அலுப்பு உண்மைதான். ஆனால் அந்தத் தொடர் விழுந்துவிட்டால் விரதம் இருந்தவர், உடம்பு இளைக்க முயன்றவர், காய்ச்சலில் படுத்தவர், வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்தவர் எல்லாரும் "ஆம்" பக்கம் வந்துவிடுவார்கள். நான்காம், எட்டாம் கேள்விகளில் இந்தச் சேதம் அதிகம்.

தொடர் விழுந்ததா என்பதைத் தரவிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு கணக்கெடுப்பாளர் கொண்டுவந்த தாள்களில் மட்டும், முதல் மூன்று கேள்விகளுக்கு "இல்லை" என்று சொன்னவர்கள் நான்காவதற்கோ எட்டாவதற்கோ "ஆம்" சொல்வது அடிக்கடி வந்தால், அவர் அந்தத் தொடரை விட்டுவிட்டுக் கேட்கிறார் என்று சந்தேகப்படலாம். கணக்கெடுப்பு நடக்கும்போதே ஒவ்வொருவரின் தாள்களையும் தனித்தனியாகப் பார்த்தால் இது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? "தெரியாது" என்றால் பூஜ்யமா?

ஒவ்வொரு "ஆம்" பதிலுக்கும் 1, "இல்லை"க்கு 0. கூட்டினால் 0 முதல் 8 வரை வரும். இதுதான் மூல மதிப்பெண். எந்தக் கேள்விக்கும் கூடுதல் எடை கிடையாது.

"தெரியாது", "சொல்ல விரும்பவில்லை" என்பவற்றைப் பூஜ்யமாக்கக் கூடாது. பூஜ்யமாக்கினால் அந்த வீடு இருப்பதைவிட நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டும். எட்டுக்கும் முழுப் பதில் இல்லாத வீட்டை மதிப்பெண் கணக்கிலிருந்து விலக்கி, அப்படி எத்தனை வீடுகள் விலகின என்று அறிக்கையில் எழுதுங்கள். ஒரே கேள்வியில் விடுபட்ட பதில்கள் குவிந்திருந்தால் அந்தக் கேள்வியின் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பாருங்கள்.

12 மாதத்துக்குப் பதில் 30 நாள் என்று கேட்கலாமா?

கேட்கலாம், இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் 30 நாள் என்று கேட்டு வந்த விழுக்காட்டை 12 மாத விழுக்காட்டின் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று எழுதக் கூடாது. காலம் குறுகினால் "ஆம்" இயல்பாகவே குறையும். தனிநபரைக் கேட்ட கணக்கையும் வீட்டைக் கேட்ட கணக்கையும் இதேபோல் கலக்கக் கூடாது. வீட்டில் யாராவது ஒருவருக்கு நேர்ந்தாலே வீட்டுக் கணக்கில் "ஆம்" விழும்.

4-க்கு மேல் மிதமான நிலை, 7-க்கு மேல் கடுமையான நிலை என்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

"மேல்" என்பதை முதலில் சரிசெய்துவிடுவோம். வழக்கத்தில் உள்ள பிரிவு 0 முதல் 3, 4 முதல் 6, 7 முதல் 8. அதாவது 4-ம் 7-ம் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே சேரும். ">" போட வேண்டிய இடமா, ">=" போட வேண்டிய இடமா என்ற குழப்பத்தில் மட்டும் ஒரு கணக்கெடுப்பின் முடிவு எவ்வளவு மாறும் என்பதைக் கீழே வரும் எடுத்துக்காட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

உண்மையான எல்லை மூல மதிப்பெண்ணில் வரையப்பட்டதே அல்ல. பல நாடுகளின் தரவை வைத்து எட்டுக் கேள்விகளையும் தீவிர வரிசையில் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். இதற்கு ராஷ் மாதிரி என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கோட்டில் "குறைவாகச் சாப்பிட்டது" என்ற கேள்வி நிற்கும் இடம் முதல் எல்லை. அதைத் தாண்டினால் மிதமான அல்லது கடுமையான பாதுகாப்பின்மை. "ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தது" நிற்கும் இடம் இரண்டாம் எல்லை. அதைத் தாண்டினால் கடுமையானது. 4, 7 என்பவை அந்த இரண்டு இடங்களுக்கும் அருகில் வரும் முழு எண்கள், அவ்வளவுதான்.

"குறைவாகச் சாப்பிட்டது" ஐந்தாவது கேள்வி. அப்படியானால் எல்லை 5 என்றுதானே இருக்க வேண்டும்?

கேட்கும் வரிசை வேறு, தீவிர வரிசை வேறு. உலகளாவிய கோட்டில் ஐந்தாம் கேள்வி நான்காவது இடத்தில்தான் நிற்கிறது. ஒரு வேளையையே விடுவது, தட்டில் அளவைக் குறைத்துக்கொள்வதைவிடக் கடுமையானது. பெரும்பாலான வீடுகள் முதலில் அளவைக் குறைத்துப் பார்க்கும், பிறகுதான் ஒரு வேளையை விடும். அதேபோல் "ஒரு சில வகை மட்டும்" என்ற மூன்றாம் கேள்வி, "சத்தான உணவு முடியவில்லை" என்ற இரண்டாம் கேள்வியைவிடச் சற்றே மென்மையானது.

ஆகவே 4 மதிப்பெண் பெற்ற வீட்டில் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய "ஆம்" பதில்கள் 1, 2, 3, 5. முதல் நான்கு கேள்விகள் அல்ல. இதைப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஐந்துக்கு "ஆம்" சொல்லி நான்குக்கு "இல்லை" சொல்பவரைக் கணக்கெடுப்பாளர் முரண்படுவதாக நினைத்துத் திருத்தப் பார்ப்பார்.

சரி, 4 வாங்கிய வீடு எல்லையைத் தாண்டிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாமா?

முடியாது. இந்த அளவுகோலைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். எட்டே கேள்விகளில் ஒரு வீட்டின் நிலையைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பின்னால் ஓர் அளவீட்டுப் பிழை இருக்கிறது. உலகளாவிய கோட்டின் அளவுகளை அப்படியே வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 3 வாங்கிய வீடுகளில் நூற்றுக்குச் சுமார் 34 உண்மையில் முதல் எல்லையைத் தாண்டியவையாக இருக்கும். 4 வாங்கியவற்றில் சுமார் 64, 5 வாங்கியவற்றில் சுமார் 87. எல்லைக்கு இரு பக்கமும் இப்படிக் கலந்துதான் கிடக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 400 வீடுகள். 0 முதல் 8 வரை மதிப்பெண் வாரியாக வீடுகள்: 160, 60, 40, 40, 40, 20, 20, 10, 10. 4-லிருந்து வெட்டினால் 100 வீடுகள், அதாவது 25%. இனி நிகழ்தகவு வழியில் போடுவோம். 1 வாங்கிய 60 வீடுகளில் நூற்றுக்கு 4 வீதம் 2.4. 2 வாங்கிய 40-ல் நூற்றுக்கு 12 வீதம் 4.8. 3 வாங்கிய 40-ல் 13.6. 4 வாங்கிய 40-ல் 25.6. 5 வாங்கிய 20-ல் 17.4. 6 வாங்கிய 20-ல் நூற்றுக்கு 96 வீதம் 19.2. 7, 8 வாங்கிய 20 வீடுகளும் ஏறக்குறைய முழுமையாக 19.9. மொத்தம் 102.9 வீடுகள், அதாவது 25.7%.

25, 25.7 என்று இரண்டும் அருகருகே வருவதைப் பார்த்து "அப்புறம் எதற்கு இந்த நிகழ்தகவு?" என்று கேட்கத் தோன்றும். கூர்ந்து பாருங்கள். வெட்டிப் பிரித்த 100 வீடுகளில் உண்மையில் எல்லையைத் தாண்டியவை சுமார் 82-தான். 18 வீடுகள் தவறாக உள்ளே வந்தவை. வெளியே நின்றவற்றிலோ சுமார் 21 வீடுகள் தாண்டியவை. இந்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டதால் மொத்தம் ஒத்துவந்தது. வேறொரு பகுதியில் 3 வாங்கிய வீடுகள் மிக அதிகமாக இருந்தால் அவை சரிக்கட்டாது, விழுக்காடும் விலகிவிடும்.

அப்படியானால் இந்த மதிப்பெண்ணை வைத்து உதவி பெற வேண்டிய வீடுகளின் பட்டியலைத் தயாரிக்கக் கூடாதா?

தயாரிக்கக் கூடாது. மேலே உள்ள எடுத்துக்காட்டிலேயே காரணம் இருக்கிறது. விழுக்காடு சரியாக வந்தாலும் பெயர்கள் சரியாக வருவதில்லை. 21 வீடுகள் தேவை இருந்தும் பட்டியலுக்கு வெளியே நிற்கும். இந்த அளவுகோல் ஒரு மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்று சொல்ல வடிவமைக்கப்பட்டது, எந்த வீடு என்று சொல்ல அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. "ஆம்" சொன்னால் உதவி கிடைக்கும் என்ற செய்தி பரவிய நாளிலிருந்து பதில்கள் மாறிவிடும். மக்கள் மேல் குற்றமில்லை. தேவையில் இருப்பவர் கிடைக்கும் வழியைப் பார்ப்பது இயல்பு. ஆனால் அதன் பிறகு அந்த ஊரில் இந்த அளவுகோலால் எதையும் அளக்க முடியாது.

"மிதமான அல்லது கடுமையான" 25.7%, "கடுமையான" 5.5% என்று வந்தால், இரண்டையும் கூட்டி 31.2% என்று எழுதலாமா?

கூடாது. முதல் எண்ணுக்குள்ளேயே இரண்டாவது அடங்கியிருக்கிறது. மிதமானது மட்டும் எவ்வளவு என்று வேண்டுமானால் கழிக்க வேண்டும்: 25.7 - 5.5 = 20.2%. அச்சில் வந்த அறிக்கைகளிலும் இந்தக் கூட்டல் பிழையைப் பார்த்திருக்கிறேன். தலைப்பில் "அல்லது" என்ற சொல் இருந்தால் அது சேர்த்துச் சொன்ன எண் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சராசரி மதிப்பெண் போடலாமா? ஒரு பகுதியில் 1.7, இன்னொன்றில் 2.3 என்று.

வேண்டாம். 3-லிருந்து 4-க்குப் போகும் தூரமும் 6-லிருந்து 7-க்குப் போகும் தூரமும் தீவிரக் கோட்டில் ஒன்றல்ல; பின்னது கணிசமாக நீளமானது. 6 வாங்கிய வீடு 3 வாங்கிய வீட்டைவிட இரண்டு மடங்கு மோசம் என்றும் பொருளில்லை. 2.3 என்ற சராசரி எந்த எல்லையையும் தாண்டியதா இல்லையா என்றும் சொல்லாது. எல்லையைத் தாண்டிய பங்கையே சொல்லுங்கள்.

ஒரு வீடு எட்டாவது கேள்விக்கு மட்டும் "ஆம்" சொல்கிறது, மற்ற ஏழுக்கும் "இல்லை". ஒரு நாள் முழுவதும் பட்டினி என்கிறார்களே, இதைக் கடுமையானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மதிப்பெண் 1-தான், நம் கையால் அதை மாற்றக் கூடாது. எந்தக் கேள்விகளுக்கு "ஆம்" என்பதைவிட எத்தனை "ஆம்" என்பதையே இந்த முறை எடுத்துக்கொள்கிறது. கவலைகூடப் படாமல், அளவைக்கூடக் குறைக்காமல் ஒரு வீடு நேராக முழுநாள் பட்டினிக்குப் போவது அரிது. இப்படி ஒன்றிரண்டு வீடுகள் வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

பல வீடுகள் வந்தால் கோளாறு கேள்வியில் அல்லது கேட்ட விதத்தில் இருக்கிறது. முதல் சந்தேகம் மேலே சொன்னதுதான்: "பணமோ வேறு வசதியோ இல்லாததால்" என்ற தொடரை விட்டுவிட்டுக் கேட்டது. இதை எண்ணால் சோதிக்க ஒவ்வொரு கேள்விக்கும் பொருத்த அளவு ஒன்று உண்டு. மென்பொருளில் `infit` என்று வரும். அது 0.7-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் கேள்வி மற்றவற்றோடு ஒத்துப்போகிறது. 1.3-ஐத் தாண்டினால் மக்கள் அந்தக் கேள்வியை வெவ்வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று பொருள். R மென்பொருளில் `RM.weights` என்ற தொகுப்பு இந்தக் கணக்கையும் நிகழ்தகவுக் கணக்கையும் போட்டுத் தரும்.

எங்கள் பகுதித் தரவில் கேள்விகளின் தீவிர வரிசையே வேறாக இருக்கிறது. 4, 7 பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. ஒரு மொழியில் "சத்தான உணவு" என்ற தொடர் மிக உயர்ந்த ஒன்றைக் குறிப்பதாக மக்கள் எடுத்துக்கொண்டால், ஓரளவு வசதியான வீடும் அந்தக் கேள்விக்கு "ஆம்" சொல்லும். அங்கே 4 வாங்குவது எளிதாகிவிடும். அதே 4 அங்கே குறைந்த துன்பத்தைக் குறிக்கும்.

இதனால்தான் நாடுகளுக்கிடையே ஒப்பிடும்போது மூல மதிப்பெண்ணை ஒப்பிடுவதில்லை. உள்ளூர்த் தரவில் கேள்விகளின் தீவிரத்தைக் கணக்கிட்டு, உலகளாவிய கோட்டோடு இடம் ஒத்துப்போகும் கேள்விகளைக் கொண்டு இரண்டு கோடுகளையும் பொருத்துகிறார்கள். விலகி நிற்கும் கேள்வி மதிப்பெண்ணில் இருக்கும், ஆனால் கோடுகளைப் பொருத்த உதவாது. அதன் பிறகே எல்லைகளை வைத்து நிகழ்தகவு போடுகிறார்கள். இந்தப் பொருத்தல் இல்லாமல் 4-ல் வெட்டிய எண்ணை நாட்டின் அதிகாரபூர்வ 2.1.2 எண்ணோடு பக்கத்தில் வைக்காதீர்கள்.

வேறொரு ஆய்வில் 2 என்றாலே மிதமான பசி என்று எழுதியிருக்கிறார்களே?

அது வேறு அளவுகோலாக இருக்கும். மூன்றே கேள்விகள் கொண்ட வீட்டுப் பசி அளவுகோல் ஒன்று உண்டு. கடந்த 30 நாட்களைப் பற்றிக் கேட்டு, எப்போதாவது அல்லது சில சமயம் என்றால் 1, அடிக்கடி என்றால் 2 என்று போடுகிறது. மொத்தம் 0 முதல் 6. அதில் 2, 3 மிதமான பசி. 4 முதல் 6 கடுமையான பசி. அதன் மூன்று கேள்விகளுமே தீவிரக் கோட்டின் மோசமான முனையில் இருப்பவை. அங்கே 4 வாங்கிய வீடும் இங்கே 4 வாங்கிய வீடும் மிகவும் வேறுபட்ட நிலையில் உள்ளவை.

அமெரிக்காவின் ஆறு கேள்விச் சுருக்க வடிவில் 2 முதல் 4 ஒரு பிரிவு, 5-ம் 6-ம் அடுத்த பிரிவு. எல்லை எண்ணைச் சொல்லும்போது எந்த அளவுகோல், எத்தனை கேள்வி, எந்தக் கால அளவு என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். தனியாக ஓர் எண் எதையும் குறிக்காது.

உலகில் பசியால் வாடுபவர்கள் 73 கோடி என்று ஓரிடத்திலும், 233 கோடி என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டும் 2023-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீடுகள், இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். சுமார் 73.3 கோடி என்பது உடலுக்குத் தேவையான உணவு ஆற்றல் தொடர்ந்து கிடைக்காதவர்களின் எண்ணிக்கை. அது நாட்டின் உணவு இருப்பு, நுகர்வுப் பங்கீடு ஆகியவற்றிலிருந்து போடப்படும் கணக்கு. இந்த எட்டுக் கேள்விகளின் மதிப்பெண்ணில் எல்லையைத் தாண்டியவர்களை எண்ணி வருவதல்ல அது.

சுமார் 233 கோடி என்பது இந்த அளவுகோலில் முதல் எல்லையைத் தாண்டியவர்கள். இவர்களில் பலர் பட்டினி கிடக்கவில்லை. தரத்தைக் குறைத்து, அளவைக் குறைத்து, அடுத்த வேளை நிச்சயமில்லாமல் நாளைத் தள்ளியவர்கள். அவர்களை "பசியால் வாடும் 233 கோடி" என்று செய்தியில் எழுதுவது தவறு. "மிதமான அல்லது கடுமையான உணவுப் பாதுகாப்பின்மைக்கு ஆளானவர்கள்" என்று நீளமாக இருந்தாலும் முழுவதையும் எழுதுங்கள்.

சென்ற முறை 27%, இந்த முறை 25.7%. நிலைமை மேம்பட்டது என்று அறிக்கை எழுதலாமா?

400 வீடுகளை வைத்து எழுத முடியாது. அந்த அளவு மாதிரியில், மாதிரி எடுப்பதால் மட்டுமே வரும் பிழை இரு பக்கமும் 4 புள்ளிக்குச் சற்றே மேல். கிராமங்களைத் தொகுதிகளாகத் தேர்ந்தெடுத்திருந்தால் பிழை இன்னும் கூடும். அளவீட்டுப் பிழை அதற்கும் மேல் சேர்கிறது. 1.3 புள்ளி வித்தியாசம் அதற்குள் மூழ்கிவிடும்.

வித்தியாசம் பெரியதாக இருந்தாலும் எழுதும் முன் மூன்றைச் சரிபாருங்கள். இரண்டு முறையும் கேள்விகளின் வாசகம் ஒன்றா? இரண்டு முறையும் ஆண்டின் ஒரே பருவத்தில் கேட்டீர்களா? 30 நாள் கேள்வியானால் இது முடிவையே புரட்டிப்போடும். கேள்விகளின் தீவிர வரிசை இரண்டு தரவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? மூன்றாவதில் ஒரு கேள்வி மட்டும் இடம் பெயர்ந்திருந்தால், பெரும்பாலும் புதிய கணக்கெடுப்பாளர்கள் அதை வேறு சொற்களில் கேட்டிருப்பார்கள். அவர்களிடம் எப்படிக் கேட்டார்கள் என்று விசாரித்த பிறகு விழுக்காட்டை ஒப்பிடுங்கள்.